உத்தியோகஸ்தருக்கு ஒரு கடிதம்

(நாகப்பட்டினத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைக்கு ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பு, கருங்கடலை நோக்கிச் செல்லும் கப்பல்கள் எல்லாம் கடந்து போயாக வேண்டிய ஒடுங்கிய நீரிணையின் ஆசியக் கரையில், நம்முடைய நாகையைப் போலவே கடலையும் வாணிகத்தையும் நம்பி வாழ்ந்த லாம்ப்சகஸ் என்னும் பட்டினத்தில், இடோமெனியஸ் என்றொரு பெரிய உத்தியோகஸ்தர் இருந்தார். அலெக்ஸாண்டர் மறைந்த பிறகு அவனுடைய சேனாபதிகள் அவன் சாம்ராஜ்யத்தைத் துண்டு போட்டுக்கொண்டு ஓயாமல் சண்டையிட்ட காலம் அது. அத்தகைய கடுமையான ராஜாதிகாரத்தின் கீழ் முக்கியமான காரியங்களை நிர்வகித்து வந்தவர் அவர் என்று ரோமானியத் தத்துவாசிரியர் செனெகா எழுதுகிறார். அந்த இடோமெனியஸுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். ஆதென்ஸ் நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டத்தை வாங்கி, அதில் நண்பர்களோடு எளிமையாகக் குடியிருந்தவர். உத்தியோகத்தில் மேன்மேலும் உயர வேண்டும் என்ற கவலையில் உழன்றுகொண்டிருந்த நண்பருக்கு அந்தத் தோட்டக்காரர் எழுதிய கடிதங்கள்தாம் இன்றைய சொற்பொழிவின் பொருள். தோட்டக்காரரின் பெயர் எபிகூரஸ்.

பெயரைச் சொன்னவுடனேயே, உண்டு களிப்பதே வாழ்வின் பயன் என்று உபதேசித்தவர் அல்லவா அவர் என்ற எண்ணம் சிலருக்கு எழுந்திருக்கலாம். மணிமேகலையில் சமயக்கணக்கர் பலர் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் காதையில் வருகிற பூதவாதியையும் நம்மவர்கள் அவ்வாறே ஒரே வார்த்தையில் ஒதுக்கித் தள்ளிவிட்டார்கள். எதிர்க்கட்சிக்காரன் எழுதிவைத்த சித்திரமே மிஞ்சிவிடுவது தத்துவ சரித்திரத்தில் புதுமையன்று. கி.மு. 341இல் சாமோஸ் தீவில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்து, மிட்டிலீனிலும் லாம்ப்சகஸிலும் கற்பித்து, கி.மு. 306ஐ ஒட்டி ஆதென்ஸுக்கு வந்து அந்தத் தோட்டத்தை வாங்கிய எபிகூரஸ், இன்பமே வாழ்வின் குறிக்கோள் என்று சொன்னது உண்மை. ஆனால் அவர் இன்பம் என்று கருதியது உடலில் வேதனையின்மையும் சித்தத்தில் கலக்கமின்மையும்தான். விருந்துக்கு ஆசைப்பட்டபோது அவர் ஒரு நண்பரிடம் எழுதிக் கேட்டது ஒரு சிறு பானைப் பாலாடைக்கட்டி. அது வந்தால் வேண்டும்போது ஆடம்பரமாகச் சாப்பிட்டுக்கொள்ளலாமே என்பது அவருடைய மனோராஜ்யம்! அவர் எழுதியவை ஏராளம் என்பார்கள். டயோஜினிஸ் லாயர்ஷியஸ் என்ற பிற்காலத்தவர் தம் நூலின் பத்தாவது புத்தகத்தில் முழுமையாகச் சேர்த்து வைத்த மூன்று நீண்ட கடிதங்களும் நாற்பது சித்தாந்த வாக்கியங்களும், 1888இல் வாட்டிகன் ஏட்டுச்சுவடி ஒன்றில் கண்டெடுக்கப்பட்ட ஒரு வாக்கியத் தொகுப்பும், பிறர் நூல்களில் சிதறிக் கிடக்கும் துணுக்குகளுமே நமக்கு முக்கியமாகக் கிடைத்தவை. இடோமெனியஸுக்கு எழுதியவை அந்தத் துணுக்குகளில்தான் அகப்படுகின்றன.

ஆசைகளைப் பற்றி எபிகூரஸ் வகுத்த பாகுபாட்டை முதலில் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். மெனோய்க்கியஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் அதை விரிக்கிறார். ஆசைகளில் சில இயற்கையானவை. சில வெற்று அபிப்பிராயத்தால் பிறந்தவை. இயற்கையானவற்றிலும் சில அவசியமானவை, சில இயற்கையாக இருந்தும் அவசியமற்றவை. தாகம் எடுத்தவனுக்குத் தண்ணீர் இயற்கையும் அவசியமும் ஆகும். அந்தத் தண்ணீருக்குப் பதிலாக உயர்ந்த மதுவை விரும்புவதும், பசிக்கு அன்னம் இருக்க, பல்சுவைப் பதார்த்தங்களை நாடுவதும் இயற்கை; ஆனால் அவசியம் அல்ல. மூன்றாம் வகைக்கு என்ன உதாரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள்: தலையில் சூட்டப்படும் கிரீடங்களும், ஊரார் எடுத்து நிறுத்தும் சிலைகளுமாம். எபிகூரஸின் வாக்கியத்துக்குப் பழைய உரைகாரர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு இது. கிரேக்க ஊர்களில் பொதுக்காரியம் செய்தவனுக்கு ஊர்ச்சபை கூடித் தீர்மானம் போட்டு இந்த இரண்டையும் அளிப்பது வழக்கம். காவிரிக் கரையில் பிறந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. தேர்த் திருவிழாவில் பரிவட்டம் முதலில் யாருக்குக் கட்டுவது என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடி, வழக்குச் செலவுக்கே நிலத்தை விற்ற குடும்பங்களைப் பற்றிய பேச்சு நம் ஊர்த் திண்ணைகளில் அரிதன்று.

இயற்கையான ஆசைக்கும் வெற்று ஆசைக்கும் உள்ள வித்தியாசம் எல்லையில் இருக்கிறது. நெல் அளக்கும் மரக்கால் நிறைந்த பிறகு அதில் மேலும் கொட்டுகிற நெல் களத்தில்தானே சிந்தும்? பசியின் வேதனை நீங்கியவுடன் உடலின் இன்பம் அவ்வாறு நிறைந்துவிடுகிறது; அதற்குமேல் வருகின்ற பதார்த்தங்கள் அந்த இன்பத்தை வகைப்படுத்துமே அன்றிப் பெருக்கா என்பது எபிகூரஸின் துணிபு. இயற்கை கேட்கும் செல்வத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அது எளிதில் கிடைக்கவும் செய்கிறது. அபிப்பிராயம் கேட்கும் செல்வமோ முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவேதான் பித்தோக்ளிஸ் என்ற இளைஞனைச் செல்வந்தனாக்க விரும்பிய இடோமெனியஸுக்கு, அவனுடைய பணத்தைக் கூட்டாமல் ஆசையைக் குறைக்கும்படி எபிகூரஸ் யோசனை எழுதினார். இந்த யோசனை பித்தோக்ளிஸைவிட, கடிதத்தைப் பிரித்துப் படித்த உத்தியோகஸ்தருக்கே அதிகம் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். பிறருடைய பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல நண்பனுக்குப் புத்தி சொல்வது எந்த தேசத்திலும் உள்ள நாகரிகம்தானே.

இங்கே நாகைக்கே உரிய ஒரு சரித்திரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறேன். ஆவணி மாதத்து ஆயில்யத்தன்று இவ்வூர்க் கடலில் பொன் மீன் விடும் விழாவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவராகிய அதிபத்த நாயனார், நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கு என்று கடலிலே விட்டு வந்தார். வறுமை வந்து, நாளுக்கு ஒரே ஒரு மீன் மட்டும் கிடைக்கலாயிற்று. அந்த ஒன்றையும் அவர் இறைவனுக்கு விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். இறுதியில் மணிகள் இழைத்த பொன் மீன் ஒன்று வலையில் வர, அதையும் தயங்காமல் விட்டார் என்பது பெரிய புராணம் சொல்லும் வரலாறு. எபிகூரஸ் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? நாம் பொன் மீனை விட்டதைத்தான் வியக்கிறோம். அவர் அதை வியந்திருக்க மாட்டார். பொன் மீன் மூன்றாம் வகை, அதை விடுவதில் அறிவுள்ளவனுக்கு என்ன கஷ்டம் என்றிருப்பார். அதற்கு முன்பு பசித்த நாட்களில் கிடைத்த சாதாரண மீனை விட்டாரே, அதுதான் அவருக்கு விளங்காத புதிராக இருந்திருக்கும். பசித்தவனுக்கு மீன் இயற்கையும் அவசியமும் ஆகும்; அதை வேண்டாம் என்று சொல்லும்படி அவருடைய தத்துவம் யாரையும் கேட்பதில்லை. நாயனாரைச் செலுத்தியது அன்பு. அந்த அன்பு கணக்குப் பார்ப்பதில்லை. எபிகூரஸுடையதோ முழுக்க முழுக்கக் கணக்கு.

இதே ஊரில் ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் இறையிலியாக விடப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. ஆசையை வேரோடு களையச் சொன்ன தர்மத்தைப் பின்பற்றிய துறவிகள் அங்கே வாழ்ந்தார்கள். எபிகூரஸை அந்தப் பிக்ஷுக்களோடு சேர்த்துவிடுவதும் எளிதாக நடக்கிற பிழை. அவர் வேரைத் தொடவில்லை, கிளையைத்தான் கழித்தார். சொற்பத்தில் திருப்தி அடையப் பழகுவது எப்போதும் சொற்பத்தையே உண்பதற்காக அல்ல, அதிகம் இல்லாத காலத்தில் இருப்பது போதும் என்றிருப்பதற்காகவே என்றும், ஆடம்பரம் வேண்டியிராதவனே அது வரும்போது அதை நன்றாக அனுபவிக்கிறான் என்றும் மெனோய்க்கியஸுக்கு அவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார்.

என்னுடைய நண்பர் ஒருவர் ரெவின்யூ உத்தியோகத்தில் இருக்கிறார். துணைத் தாசில்தாராக இருந்துகொண்டு தாசில்தார் பட்டியலில் தம் பெயரை எதிர்பார்த்து, தமக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் போவதைக் கண்டு, தூக்கம் கெட்டு, எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். அதற்கு நான் எழுதிய பதிலின் ஒரு பகுதியை அவருடைய அனுமதியோடு இங்கே படிக்கிறேன். தத்துவத்தை மேடையில் விளக்குவதைவிட ஒருவருடைய காரியத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

“அன்பார்ந்த நண்பருக்கு, வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதவி ஆசையை விட்டுவிடுங்கள் என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடலாம். ஆனால் அது ஜுரக்காரனிடம் ஜுரத்தை விட்டுவிடு என்று சொல்வதற்கு ஒப்பாகும். உங்களிடம் இருப்பது ஒரே ஆசை அன்று. பல ஆசைகள் தாசில்தார் என்ற ஒரே பெயரில் வந்து குடியேறியிருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்தெடுங்கள். ஒரு தாளை எடுத்து, அந்தப் பதவி வந்தால் என்னென்ன வரும் என்று நீங்கள் எண்ணுகிறீர்களோ அவற்றைத் தனித்தனியே எழுதுங்கள். உங்கள் கடிதத்திலிருந்தே நான் பொறுக்கி எடுத்தவை இவை: சம்பள உயர்வு, அதனால் மகளின் கல்யாணத்துக்கு வரும் வசதி, ஓய்வூதியத்தில் சிறிது கூடுதல், ஜீப்பு, வாசலில் டவாலி, கோயிலில் மரியாதை, கடைசியாக, உங்களைத் தாண்டிப் போனவர்கள் முகத்தில் விழிக்கும்போது தலைகுனியாமல் இருப்பது.

இவை ஒவ்வொன்றையும் நோக்கி எபிகூரஸ் சொன்ன இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இது நிறைவேறினால் எனக்கு என்ன ஆகும்? நிறைவேறாவிட்டால் என்ன ஆகும்? முதல் கேள்வியை நாம் எல்லோரும் ஓயாமல் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம்; இரண்டாவதைப் பயத்தோடு தொட்டுவிட்டு விட்டுவிடுகிறோம். நிறைவேறாமல் போனாலும் உடலில் ஒரு வேதனையும் விளையாது என்றால் அந்த ஆசை அவசியமானதன்று என்பது அவர் கண்ட உரைகல்.

மகளின் கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். அது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு உங்களுக்குச் சரியான விடை உண்டு. ஆகவே அது முதல் வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கல்யாணம் வேறு, தாசில்தார் வீட்டுக் கல்யாணம் வேறு. பந்தலையும் மேளக் கச்சேரியையும் மூன்று நாள் சாப்பாட்டையும் கழித்துவிட்டு மிச்சத்தைக் கணக்குப் பாருங்கள். பதவி வந்தால் மாதம் எவ்வளவு கூடும், பிடித்தங்கள் போக இரண்டு வருஷத்தில் அது எவ்வளவு சேரும் என்று எழுதுங்கள். கீழ்வேளூரில் உங்களுக்கு இருக்கும் பத்து மா நிலத்தில் ஒரு நல்ல சம்பா விளைச்சல் செலவு போக எவ்வளவு தரும் என்பதை அதன் பக்கத்தில் எழுதுங்கள். எந்தத் தொகைக்காகத் தூக்கத்தை இழந்திருக்கிறீர்கள் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். தொகை பெரியதாகவே இருக்கலாம். இருந்தால் அதற்காகப் பிரயத்தனப்படுவதில் குற்றமே இல்லை. அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையை அடைந்தவுடன் நிறுத்திக்கொள்ளலாம்.

ஜீப்பு இரண்டாம் வகை. வெயிலில் நடப்பதைவிட ஜீப்பில் போவது சுகம்தான். இல்லாவிட்டால் பஸ் இருக்கிறது. வந்தால் ஏறிக்கொள்ளுங்கள், அதற்காக யாரிடமும் போய் நிற்காதீர்கள். டவாலியும் கோயில் மரியாதையும் மூன்றாம் வகை. அவற்றைப் பற்றி எழுதவும் வேண்டுமோ? நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கொடியது. தாண்டிப் போனவரைப் பார்க்கும்போது வருகிற அந்தக் குமுறல், நீங்கள் தாசில்தார் ஆன மறுநாளே டெபுடி கலெக்டரைப் பார்த்து மறுபடியும் பிறக்கும். பிறருக்குக் கிடைத்ததைக் கேட்டவுடன் வளர்வதும், எந்த இடத்தில் போதும் என்று உங்களாலேயே சொல்ல முடியாமல் இருப்பதும் வெற்று ஆசைக்கு அடையாளம். எந்தப் பதவியோடு இது முடியும் என்று தாளில் எழுதிப் பாருங்கள், எழுத வராது.

மனிதர்கள் புகழையும் பதவியையும் நாடியது, பிறரால் தங்களுக்குத் தீங்கு நேராமல் பாதுகாப்பு வேண்டும் என்பதற்காகத்தான் என்று எபிகூரஸ் ஒப்புக்கொள்கிறார். அந்தப் பாதுகாப்பு கிடைத்திருந்தால் அவர்கள் இயற்கையின் நன்மையைப் பெற்றார்கள். கிடைக்காவிட்டால் எதற்காகப் புறப்பட்டார்களோ அதையே இழந்தார்கள். மேலிடத்திலிருந்து வரும் நெருக்கடி, மாற்றல், விசாரணை, மொட்டைக் கடிதாசி இவையெல்லாம் உங்கள் தாசில்தாரை எப்படிப் படுத்துகின்றன என்பதைப் பக்கத்து அறையில் இருந்து பார்ப்பவர் நீங்கள்தானே?

ஒரு பரீக்ஷையும் செய்யுங்கள். செனெகா தம் நண்பருக்கு மூன்று நான்கு நாள், சில சமயம் அதற்கும் மேல், மிக எளிய உணவும் முரட்டு உடையுமாக இருந்து பார்க்கச் சொன்னார். எபிகூரஸும் குறித்த நாட்களில் அவ்வாறு இருந்து, முழு இன்பத்தில் ஏதாவது குறைகிறதா, குறைந்தால் எவ்வளவு, அந்தக் குறையை நிரப்ப அத்தனை உழைப்பும் தகுமா என்று சோதித்தாராம். நீங்கள் பழையதும் துவையலுமாக நான்கு நாள் இருப்பது பெரிய காரியமில்லை, உங்கள் வீட்டில் அது வழக்கமே. அந்த நான்கு நாட்களில் பட்டியலைப் பற்றி ஒருவரையும் விசாரிக்காமல் இருந்து பாருங்கள். தலைமை அலுவலகத்துச் சிநேகிதருக்குத் தொலைபேசி செய்யாதீர்கள். காபி கிளப்பில் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நான்காம் நாள் இரவு எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.”

கடிதத்தை இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். மற்றவை சொந்த விஷயங்கள். இந்த மருந்து எங்கெங்கே பலிக்காமல் போகும் என்பதையும் சபையில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எளிமையே ஒரு புதிய அகங்காரமாகிவிடும். பொலியேனஸ் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தமக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஒரு செப்புக்காசுகூட முழுமையாக ஆகவில்லை என்றும், அவ்வளவு முன்னேறாத மெட்ரோடோரஸ் என்ற தோழருக்கு ஒரு முழுக் காசு ஆயிற்று என்றும் எபிகூரஸ் பெருமையடித்துக்கொண்டதாகச் செனெகா சொல்கிறார். நண்பர்களுக்குள் நடந்த பரிகாசமாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் சொற்பத்திலும் போட்டி வந்துவிட்டது, பாருங்கள். நல்ல வேளையாக, சிக்கனத்துக்கும் ஓர் அளவு உண்டு, அதை மறந்தவன் அளவின்றி அனுபவிப்பவனைப் போலவே தவறுகிறான் என்ற வாக்கியமும் வாட்டிகன் தொகுப்பில் இருக்கிறது.

இதனினும் கனமான ஆக்ஷேபம் ஒன்று உண்டு. தோட்டத்தில் எல்லோரும் அமைதியாக இருந்தார்கள் என்றால் அவர்களுடைய அரிசிக்கு யார் வழி செய்தது? இடோமெனியஸ்தான், ஓரளவுக்கு. தமது பராமரிப்புக்காக முதல் விளைச்சலைப்போல ஒரு காணிக்கையை அனுப்பும்படி எபிகூரஸ் அவருக்கு எழுதிய வாசகத்தைப் புளூட்டார்க் என்ற பிற்காலக் கிரேக்க ஆசிரியர் ஏளனமாக எடுத்துக்காட்டுகிறார். உத்தியோகத்தை விட்டு விலகும்படி யாருக்கு எழுதினாரோ, அவருடைய உத்தியோக வருமானமே அந்தத் தோட்டத்தைத் தாங்கிய தூண்களில் ஒன்று. புளூட்டார்க் எபிகூரஸின் ஜன்ம விரோதி என்பதைக் கழித்துக்கொண்டாலும், இந்த முரண்பாட்டை மழுப்ப நான் விரும்பவில்லை. எல்லா இடோமெனியஸும் ஒரே நாளில் ராஜிநாமாக் கடிதம் கொடுத்துவிட்டால் எல்லாத் தோட்டங்களும் வாடிவிடும்.

ஆயினும் அந்த விரோதியே வேறொரு நூலில் ஒரு சாட்சியம் விட்டுப் போயிருக்கிறார். கி.மு. 295ஐ ஒட்டி டெமெட்ரியஸ் என்ற அரசன் ஆதென்ஸை முற்றுகையிட்டு, தானியக் கப்பல் ஒன்றும் உள்ளே வராமல் செய்துவிட்டான். கோதுமை விலை 300 திராக்மாவுக்கு ஏறிற்று. ஒரு வீட்டில் கூரையிலிருந்து செத்து விழுந்த எலிக்காகத் தகப்பனும் மகனும் அடித்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் எபிகூரஸ் தம்மிடம் இருந்த அவரைகளை எண்ணி எண்ணித் தோழர்களுக்குப் பகிர்ந்து கொடுத்து எல்லோரையும் காப்பாற்றினார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். தண்ணீர் வராமல் குறுவை போய், புயலில் சம்பாவும் போன வருஷங்களைக் கண்ட இந்தச் சபைக்கு, அவரையை எண்ணிக் கொடுப்பது என்றால் என்ன என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. சுபிக்ஷ காலத்தில் ஒரு காசுக்குள் சாப்பிட்டுப் பழகிய விளையாட்டு, துர்பிக்ஷ காலத்தில் ஒரு கூட்டத்தின் உயிரைக் காத்தது. அவர்கள் பழகியது ஒன்றாக இருந்து பழகியது. எபிகூரஸின் கணக்கில் சிநேகம் என்பது ஒருபோதும் குறைக்க வேண்டிய செலவினத்தில் வரவில்லை.

வேலையை எப்போது விடுவது என்ற கேள்விக்கும் அவரிடம் நிதானமான பதில் இருந்தது. மேலான ஒரு பலாத்காரம் குறுக்கிட்டு, விலகும் சுதந்திரத்தையே பறித்துவிடுவதற்கு முன்பாகக் கூடிய விரைவில் ஓடிவிடும்படி இடோமெனியஸுக்கு எழுதியவர், உரிய சமயம் வாய்க்காமல் எதையும் தொடங்காதே, வாய்த்தவுடன் துள்ளி எழுந்து புறப்படு என்றும் சேர்த்தே எழுதினார். இதைத் தம் நண்பர் லூசிலியஸுக்கு எடுத்துக் காட்டியவர் செனெகா. லூசிலியஸ் பாம்பேயைச் சேர்ந்தவர். சிசிலித் தீவில் பேரரசரின் காரியஸ்தராக இருந்து, மேலும் உயர்வதா, ஒதுங்குவதா என்று தவித்துக்கொண்டிருந்தார். செனெகா ஸ்டோயிக் மதத்தவராக இருந்தும் எதிர்க்கட்சியின் ஏட்டிலிருந்தே மருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையாலேயே இடோமெனியஸுக்கு எழுதிய கடிதங்களில் சில துணுக்குகள் நமக்குக் கிடைத்தன. ஆனால் இதை எழுதியபோது செனெகாவின் நிலை என்ன? நீரோ மன்னனின் ஆசானாகவும் மந்திரியாகவும் இருந்து பெரும் செல்வம் சேர்த்துவிட்டு, கி.பி. 62இல் அவ்வளவையும் திருப்பித் தருகிறேன், என்னை விட்டுவிடு என்று அவர் கேட்டபோது, நீரோ அவரைத் தழுவி முத்தமிட்டு அனுமதி மறுத்தான்; கி.பி. 65இல் அவனுடைய உத்தரவின்படியே நரம்பை வெட்டிக்கொண்டு செனெகா உயிர் நீத்தார். விலகும் சுதந்திரம் பறிபோவதற்குள் விலகு என்ற வாக்கியத்தைப் பிரதி செய்த கைக்கு அந்தச் சமயம் கடந்துபோயிருந்தது. இதைப் படித்து அவரைக் கபடர் என்று சிரிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். நோயின் உள்ளிருந்து எழுதியவனுடைய குறிப்பு நோயாளிக்கு அதிகம் உதவும்.

எபிகூரஸ் கி.மு. 270இல் சிறுநீர்க் கல்லடைப்பால் பல நாள் வேதனைப்பட்டு இறந்தார். கடைசி நாளில் அவர் எழுதிய கடிதமும், டயோஜினிஸ் சொல்கிறபடி, இடோமெனியஸுக்கே. தம்முடைய வேதனை உச்சத்தில் இருக்கிறது என்றும், நாம் பேசிய பேச்சுகளின் நினைவை அதற்கு எதிராக நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றும் சொல்லிவிட்டு, முன்னமே இறந்துபோன மெட்ரோடோரஸின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்கிறார். அவருடைய உயில் இன்னும் நுணுக்கமானது. அதை ஓர் அறக்கட்டளைப் பத்திரம் என்றே நான் இந்தச் சபையில் சொல்லுவேன். தோட்டத்தைப் பொறுப்பாளர் இருவரிடம் ஒப்படைத்து, தமக்குப் பின் தலைமை ஏற்ற ஹெர்மார்க்கஸும் மாணாக்கர்களும் அதில் இருந்து வர ஏற்பாடு செய்து, மாதந்தோறும் இருபதாம் நாள் கூட்டத்துக்குச் செலவு ஒதுக்கி, மீஸ் முதலிய அடிமைகள் நால்வருக்கு விடுதலை எழுதி வைத்தார். அதோடு, மெட்ரோடோரஸின் மகள் பருவம் அடைந்ததும் அவளுக்குத் தக்க இடத்தில் மணம் முடித்து, ஹெர்மார்க்கஸோடு கலந்து, சொத்தின் வருமானத்தைப் பார்த்து, சீர்த்தொகை கொடுக்க வேண்டும் என்று ஒரு ஷரத்தும் இருக்கிறது. ஆசைகளைக் கழித்துக் கழித்து எழுதிய மனிதர் ஒரு பெண்ணின் கல்யாணச் செலவைக் கழிக்கவில்லை. வருமானம் எவ்வளவோ அவ்வளவு என்று அளவு வைத்தார், அவ்வளவுதான்.

இந்த ஷரத்தைத் தனியே எழுதி என் ரெவின்யூ நண்பருக்கு அனுப்பியிருந்தேன். சென்ற வாரம் பதில் வந்தது. பட்டியல் இன்னும் வெளியாகவில்லையாம். நான்கு நாள் பரீக்ஷையில் மூன்றாம் நாள் சாயங்காலம் வரை தாக்குப்பிடித்தாராம். கல்யாணத்தை மூன்று நாளிலிருந்து ஒரு நாளாகக் குறைக்க வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டார். டவாலியையும் கோயில் மரியாதையையும் தாளில் அடித்தாயிற்று என்றும், ஜீப்பைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.